கேப்டனை வழியனுப்பும் பேச்சு

இருபது வருடத்துக்கு மேல் ஒரே கிளப்பில் ஆடியவரை வழியனுப்பப் பேசக் கூப்பிட்டால், கை முதலில் புள்ளிவிவரத் தாளைத்தான் தேடும். ரோமா கால்பந்து கிளப்பின் பிரான்செஸ்கோ டோட்டி 16 வயதில், 1993இல் முதல் ஆட்டம் ஆடினார். 2017 மே 28இல் கடைசி ஆட்டம். மொத்தம் 786 ஆட்டங்கள், 307 கோல்கள். ஆனால் இவையெல்லாம் ரோமா ரசிகர்களுக்கு மனப்பாடம். கோப்பைகளை எண்ணலாமென்றால் இன்னும் சங்கடம். இத்தனை வருடத்தில் இத்தாலிய லீக் பட்டம் கிடைத்தது ஒரே ஒருமுறை, 2001இல்.

அதைவிட ஒரே ஓர் ஆட்டத்தைச் சொல்வது மேல். நான் எழுதுவதாக இருந்தால் 2016 ஏப்ரல் 20ஐ எடுப்பேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு, தனக்கு ஆட வாய்ப்பில்லை என்று டோட்டி தொலைக்காட்சியில் குறைபட்டுக்கொண்டார். பயிற்சியாளர் ஸ்பலெட்டி அவரை முகாமிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஏப்ரலில் டொரினோ அணிக்கு எதிராக ரோமா 1-2 என்று பின்தங்கியிருந்தபோது, 86ஆவது நிமிடத்தில் 39 வயது டோட்டியை இறக்கினார்கள். முதல் தொடுதலிலேயே கோல். சற்று நேரத்தில் ஒரு பெனால்டி, அதுவும் கோல். ரோமா 3-2 என்று வென்றது.

இதைப் பேச்சில் சேர்க்கும்போது அந்த மனத்தாங்கலை மறைத்தால் கோலின் கனம் போய்விடும். பயிற்சியாளரைக் குத்திக்காட்டினாலோ மேடை வழக்காடு மன்றமாகிவிடும். கூட்டத்தைப் பார்த்து “அவர்” என்று விவரிப்பதை விட்டு, ஆளைப் பார்த்தே பேசினால் இரண்டும் நேராது: “கேப்டன், அந்த வருடம் உங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நீங்கள் கோபப்பட்டீர்கள்; ஊருக்கே தெரியும். கடைசி நான்கு நிமிடத்துக்குக் கூப்பிட்டபோது எழுந்து வந்தீர்கள். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.” இதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. மொத்தப் பேச்சும் மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அன்று ரசிகர்கள் கேட்க வந்தது வேறொருவர் குரலை.

அந்தக் குரல் கடைசி ஆட்டம் முடிந்ததும் கேட்டது. ஜெனோவாவை வென்ற கையோடு, கண்ணீருக்கு நடுவே எழுதிவைத்த கடிதத்தை டோட்டி வாசித்தார். நாளை முதல் பெரியவனாக வேண்டும் என்று காலம் தோளைத் தட்டிச் சொல்லிவிட்டதாகவும், தனக்குப் பயமாக இருப்பதாகவும் சொன்னார். பெனால்டி அடிக்கும் முன் வரும் பயம் அல்ல இது என்றும் விளக்கினார். இப்படி நிற்கிறவரிடம் போய் “இனி நிம்மதியாக ஓய்வெடுங்கள்” என்று சொல்வது அவர் காதில் எப்படி விழும்?

“இந்தக் கிளப் என்றும் உங்கள் வீடு” என்ற வரியையும் நான் அடித்துவிடுவேன். நிர்வாகத்தின் சார்பில் வாக்குக் கொடுக்கும் அதிகாரம் பேசுகிறவருக்கு இல்லை. ஓய்வுக்குப் பின் டோட்டி ரோமாவிலேயே நிர்வாகப் பொறுப்பில் சேர்ந்தார். முடிவுகளில் தன்னைக் கலப்பதில்லை என்று சொல்லி, 2019 ஜூனில் அதிலிருந்தும் விலகினார்.