ஜப்பானியக் கட்டங்களுக்குள் நுழையும் வழி

ஜப்பானியப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் பக்கத்தைப் படம் எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் காட்டினால், 'நெடுக்குச் சாவி', 'குறுக்குச் சாவி' என்ற இரண்டு தலைப்புகள் தெரியும். செயலி பிழை செய்யவில்லை. குறிப்பைச் சாவி என்றுதான் ஜப்பானியர் சொல்கிறார்கள்: 'தாதெ நோ காகி', 'யொகோ நோ காகி'.

குறிப்புகளில் சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள் நிறைய இருக்கும். கட்டத்துக்குள் அவற்றுக்கு இடமில்லை. ஒலியைக் குறிக்கும் காதகானா எழுத்து, கட்டத்துக்கு ஒன்றாகப் போகும். உயிர்மெய் எழுத்துகளால் கட்டம் நிரப்பிப் பழகிய நமக்கு இது எளிதாகப் பிடிபடும். ஆனால் விடையின் பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, அதை ஜப்பானியர் எப்படி உச்சரிக்கிறார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

ஒரு மூலையைப் போட்டுப் பார்ப்போம். குறுக்கே மூன்று கட்டம். குறிப்பு, 'கடிதத்தில் ஒட்டுவது'. தபால்தலைக்கு ஜப்பானியத்தில் 'கித்தெ'. காதுக்கு இரண்டு எழுத்துப் போலத்தான் கேட்கிறது. நடுவில் வரும் அழுத்தத்தை அவர்கள் 'த்சு' என்னும் எழுத்தைச் சிறிதாக்கி எழுதுவார்கள். குறுக்கெழுத்தில் சிறிய எழுத்து முழு எழுத்தாகிவிடும். ஆகவே கி, த்சு, தெ என மூன்று கட்டமும் நிறைகின்றன.

நடுக்கட்டத்திலிருந்து கீழே இரண்டு கட்டம் இறங்குகிறது. அதன் குறிப்பு, 'வட்டம் வட்டம், ஆமையும்'. வட்டங்கள் விடுபட்ட சொல்லுக்கான அடையாளம். ஜப்பானியப் பழமொழிகளை இப்படி உடைத்துக் கேட்பது வழக்கம். மலைக்கும் மடுவுக்கும் என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் சொல்வது 'நிலவும் ஆமையும்'. விடை நிலவு. செயலி தரும் நிலவு என்ற காஞ்சிக்கு 'த்சுகி', 'கெத்சு', 'கத்சு' என்று பல உச்சரிப்புகள் உண்டு. மூன்றுமே இரண்டு கட்டம்தான். மேலேயிருந்து வந்த 'த்சு' எழுத்து 'த்சுகி' என்று முடிவுசெய்கிறது. அழுத்தத்துக்காக எழுதிய எழுத்து நிலவின் முதலெழுத்தாக வருவது இந்தப் புதிரின் அழகு.

நெட்டொலியும் தனிக் கட்டம் பிடிக்கும். காப்பி அங்கே 'கோஹீ': கொ, நீட்டல் கோடு, ஹி, இன்னொரு கோடு, ஆக நான்கு கட்டம். அந்தக் கோட்டை வெட்டி இறங்கும் சொல்லிலும் அதே இடத்தில் கோடு வேண்டும். 'கார்டு' என்பதன் ஜப்பானிய வடிவமான 'காதொ' பொருந்தும். காதகானாவில் இந்தக் கோடு பெரும்பாலும் வெளிநாட்டுச் சொற்களில்தான் வரும். அதனால் ஒரு கட்டத்தில் கோடு விழுந்தவுடன், வெட்டும் சொல்லும் இரவல் சொல்லாக இருக்கலாம் என்று தேடலாம். எந்தச் சொல்லும் கோட்டில் தொடங்காது. 'ன்' என்னும் எழுத்திலும் தொடங்காது. நம் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராதது போலவேதான். தவறான விடையைப் பெரும்பாலும் இந்த இடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

விடுகதைக் குறிப்புகளில் செயலி தடுமாறும். 'பான்தான், ஆனால் சாப்பிட முடியாத பான் எது?' என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த கேள்வி. பான் என்றால் ரொட்டி. விடை 'ஃபுராய்பான்', வறுக்கும் சட்டி. செயலி பானை ரொட்டி என்று மாற்றியதும் சிலேடை போய்விடும். குறிப்பு அர்த்தமற்றுத் தெரிந்தால் மூல ஒலியை வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும்.

சில கட்டங்களின் ஓரத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். அந்த எழுத்துகளின் வரிசையில் கட்டங்களைக் கோத்தால் இறுதிச் சொல் கிடைக்கும். பரிசுக்கு அனுப்ப வேண்டியது அந்தச் சொல்தான்.