ஐம்பது லட்சம், நாலு திட்டம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு முதலீட்டுக்கு 50 லட்ச ரூபாய்தான் கையில் இருக்கிறது. வங்கி இதற்கு மேல் தராது. முன்னால் இருப்பவை நாலு திட்டங்கள்.

புதிய தையல் யூனிட்டுக்கு 50 லட்சம் ஆகும். எட்டு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 13 லட்சம் வரும். கூரையில் சோலார் போட 30 லட்சம். பத்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 7.5 லட்சம் கரண்ட் பில் மிச்சம். நிட்டிங் மெஷின்களுக்கு 20 லட்சம். ஐந்து ஆண்டுகளுக்கு 8 லட்சம் வீதம். வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கும் லேபிள் பிரிண்டிங்கை உள்ளேயே செய்ய 10 லட்சம்; நாலு ஆண்டுகளுக்கு 5 லட்சம் வீதம்.

முதலாளி தன் பணத்துக்கு 12 சதவீதமாவது எதிர்பார்க்கிறார். அப்படியானால் அடுத்த ஆண்டு வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 89 ரூபாய்தான். லேபிள் திட்டத்தை இப்படிக் கழித்துப் பார்ப்போம். முதல் ஆண்டின் 5 லட்சம் இன்றைக்கு 4.46 லட்சம், இரண்டாம் ஆண்டுடையது 3.99, மூன்றாம் ஆண்டுடையது 3.56, நாலாம் ஆண்டுடையது 3.18. மொத்தம் 15.19 லட்சம். போட்ட 10 லட்சம் போக 5.19 லட்சம் நிகர ஆதாயம். சாதாரணக் கணக்கில் இரண்டே ஆண்டில் முதல் திரும்பிவிட்டதாகத் தோன்றும். கழித்த தொகைகளைக் கூட்டினால் இரண்டு ஆண்டு முடிவில் 8.45 லட்சம்தான் வந்திருக்கும். முழு முதலும் திரும்ப ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஐந்து மாதம் ஆகிறது. இதுதான் தள்ளுபடி மீட்புக் காலம்.

இதே கணக்கில் தையல் யூனிட்டின் நிகர ஆதாயம் 14.58 லட்சம், சோலாருக்கு 12.38, நிட்டிங்குக்கு 8.84. ஆதாயம் பெரியது எதுவோ அதை எடு என்றால் தையல் யூனிட்தான் முந்துகிறது. ஆனால் அது 50 லட்சத்தையும் விழுங்கிவிடுகிறது. பணம் தட்டுப்பாடாக இருக்கும்போது கேட்க வேண்டியது, போடும் ஒவ்வொரு ரூபாயும் எவ்வளவு ஈட்டுகிறது என்பதைத்தான். வரவின் இன்றைய மதிப்பை முதலீட்டால் வகுத்தால் கிடைப்பது லாபக் குறியீடு. லேபிளுக்கு 1.52, நிட்டிங்குக்கு 1.44, சோலாருக்கு 1.41, தையல் யூனிட்டுக்கு வெறும் 1.29. வரிசை தலைகீழாகிவிட்டது.

ஆனால் இந்த வரிசையை அப்படியே பின்பற்றினாலும் சறுக்கும். லேபிள், நிட்டிங் இரண்டுக்கும் 30 லட்சம் போனால் மீதி 20 லட்சம். அதில் சோலார் அடங்காது. கூரையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மட்டும் போடலாமே என்றால், இங்கே திட்டத்தைத் துண்டு போட முடியாது என்று வைத்திருக்கிறோம். ஆக மொத்த ஆதாயம் 14.03 லட்சம்தான், தையல் யூனிட்டை விடக்கூடக் குறைவு. சோலாரையும் நிட்டிங்கையும் சேர்த்தால் 50 லட்சமும் சரியாகச் செலவாகி, ஆதாயம் 21.22 லட்சமாகிறது. பாதியாகப் பிரிக்க முடியாத திட்டங்களுக்குக் குறியீடு ஒரு தொடக்கக் குறிப்பு மட்டுமே. பட்ஜெட்டுக்குள் அடங்கும் சேர்க்கைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நாலு திட்டத்துக்கு ஒரு தாள் போதும். திட்டங்கள் பெருகினால் கணினியிடம் விட வேண்டும். 1960-களில் வெயின்கார்ட்னர் இந்தச் சிக்கலைக் கணிதத் திட்டமிடலால் தீர்க்கும் வழியை எழுதினார்.

மீட்புக் காலம் எங்கே உதவும்? "நாலு வருஷத்துக்குள் முதல் திரும்பாதது வேண்டாம்" என்று பொதுவாக ஒரு விதி வைப்பதை நான் ஏற்கமாட்டேன். சோலார் முதலை மீட்க ஐந்து ஆண்டு ஒன்பது மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு நாலு ஆண்டுக்கு மேல் சம்பாதிப்பதை அந்த விதி பார்ப்பதே இல்லை. ஆனால் கட்டடம் வாடகைக்கு எடுத்தது, ஒப்பந்தம் ஐந்தாண்டில் முடிகிறது, போட்டதைப் பெயர்த்து எடுத்துப் போகவும் வழியில்லை என்றால் கதையே வேறு. ஐந்தாண்டில் சோலார் தருவது இன்றைய மதிப்பில் 27 லட்சம்தான், அதாவது நஷ்டம். தையல் யூனிட்டும் ஐந்தரை ஆண்டு கேட்கிறது. இரண்டையும் விலக்கினால், ஏற்கெனவே ஒதுக்கிய லேபிள், நிட்டிங் ஜோடிதான் சரியான விடை.

கட்டடம் சொந்தம்தான் என்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பட்ஜெட் 60 லட்சமாக இருந்தால் லேபிளையும் சேர்த்திருக்கலாம், ஆதாயம் 26.41 லட்சமாகியிருக்கும். கூடுதலாக ஒரு 10 லட்சம் இல்லாததால் 5.19 லட்சம் கைவிட்டுப் போகிறது. பல கம்பெனிகளில் இந்த வரம்பு வங்கி வைத்ததாக இருக்காது, கடன் வேண்டாம் என்று முதலாளியே வைத்ததாக இருக்கும். அந்த 10 லட்சம் 18 சதவீத வட்டிக்குக் கிடைத்தாலும், அந்த வீதத்தில் கழித்துப் பார்த்தால் லேபிள் வரவின் இன்றைய மதிப்பு 13.45 லட்சம். வட்டி ஏறக்குறைய 35 சதவீதத்தைத் தாண்டினால்தான் அந்தக் கடனை வேண்டாம் என்று சொல்லலாம்.