பக்கத்து பின் மாறினால் அளவு ஏன் நகர்கிறது?

ஆர்டுயினோ ஊனோவில் 6 வோல்ட் பேட்டரியை அளக்க, தலா 1 மெகாஓம் உள்ள இரண்டு ரெசிஸ்டர்களால் மின்னழுத்தத்தைப் பாதியாக்கி A1 பின்னில் கொடுக்கிறோம். 3 வோல்ட் காட்ட வேண்டும். ஆனால் A0-வில் உள்ள வால்யூம் குமிழைத் திருகினால் A1-இன் அளவும் நகர்கிறது.

காரணம் சிப்புக்குள் இருக்கிறது. எல்லா அனலாக் பின்களுக்கும் பொதுவாக, சுமார் 14 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றுதான். அது ஒவ்வொரு முறையும் சுமார் 12 மைக்ரோவினாடி மட்டும் பின்னோடு இணைந்து மின்னேற்றம் பெறும். பிறகு துண்டித்துக்கொண்டு, தன்னிடம் தேங்கிய மின்னழுத்தத்தை அளக்கத் தரும்.

நம் ரெசிஸ்டர்கள் இரண்டும் சேர்ந்து 500 கிலோஓம் தடையாக நிற்கின்றன. அதன் வழியே 12 மைக்ரோவினாடியில் இடைவெளியின் 82 சதவீதம்தான் நிரம்பும். A0-வில் 5 வோல்ட் இருந்திருந்தால், மிச்சம் ஒட்டிக்கொண்டு A1 ஏறக்குறைய 3.36 வோல்ட் காட்டும். அதனால்தான் மூலத்தின் தடை 10 கிலோஓமுக்குள் இருக்கட்டும் என்கிறது சிப்பின் டேட்டாஷீட்.

A1-க்கும் கிரவுண்டுக்கும் இடையே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் போதும். உள்ளே இருப்பதைவிட ஏழாயிரம் மடங்கு பெரிய அது, கேட்ட மின்னூட்டத்தை உடனே கொடுத்துவிடும். ஆனால் அது மறுபடி நிரம்ப கால் வினாடியாவது ஆகும். வேகமாக மாறும் சென்சாருக்கு இது உதவாது; அங்கே ஆப்-ஆம்ப் பஃபர்தான் வழி.