பத்துக்கு எத்தனை?

திங்கட்கிழமை நிர்வாகக் கூட்டத்தின் குறிப்பில் ஒரு வரி: "மறு ஆர்டர் தரும் கடைகள் 200இலிருந்து 300, பொறுப்பு: விற்பனைத் தலைவர், நம்பிக்கை: 5." காலாண்டு இலக்கு, ஒரே ஒரு பொறுப்பாளர், பத்துக்கு ஒரு மதிப்பெண்.

இன்டெலில் ஆண்டி குரோவ் வளர்த்தெடுத்த இலக்கு முறையை 1999இல் கூகுளுக்குக் கொண்டுபோனவர் ஜான் டோர். வாராவாரம் நம்பிக்கை மதிப்பெண் கேட்பதைப் பிரபலமாக்கியவர் கிறிஸ்டினா வோட்கே. தொடக்கத்தில் 5 இருப்பதுதான் சரி என்பது அவர் கட்சி. முதல் வாரமே 9 என்றால் இலக்கு சுலபமானது.

இந்த எண், முடிந்த வேலையின் அளவு அல்ல. காலாண்டு முடிவில் எட்டிப்பிடிப்போமா என்ற கணிப்பு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நான்காம் வாரம் கடைகள் 230 ஆகியும் விற்பனைத் தலைவர் 5ஐ 3 ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முரண்பாடு இல்லை. புதிதாகச் சேர்ந்த 30இல் பாதிக்கு மேல் பண்டிகைக்கால ஆர்டர்; சரக்கு போய்ச் சேரவோ 9 நாள். குறிப்பில் ஏறுவது: "3. காரணம்: சரக்குத் தாமதம். கிடங்கு மேலாளர் வெள்ளிக்குள் இரண்டாவது லாரி ஏற்பாடு."

வாரம் தவறாமல் 7, 7, 7 என்று வந்துவிட்டுக் கடைசியில் திடீரென 2 ஆனால்? பழைய குறிப்புகளைப் புரட்டினால், மதிப்பெண்ணைக் குறைத்த யாரோ ஒருவர் வாங்கிக்கட்டிக்கொண்ட கூட்டம் பெரும்பாலும் தட்டுப்படும்.