ரீல்ஸ் வருகிறது, கதை வரவில்லை: பேச்சுக்காலில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

சாதகம் பொருந்திவிட்டது. இரண்டு வீட்டாரும் ஓம் என்றுவிட்டார்கள். "பிள்ளையள் ரெண்டு பேரும் கதைச்சுப் பாக்கட்டும்" என்று தொலைபேசி இலக்கமும் கைமாறிவிட்டது. அதன் பிறகு வட்ஸ்அப்பில் வருவதெல்லாம் வடிவேலு மீம்ஸ், பூனைக்குட்டி ரீல்ஸ், காலை வணக்கப் படங்கள். ஒரு மாதம் கழித்து வீட்டில் "என்ன பிள்ளை, முடிவு சொல்லு" என்று கேட்கும்போது, அந்த மனிதரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருக்காது.

கடந்த சில வருடங்களில் வடக்கில் பலர் இதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் மட்டுமல்ல, ஆண்களும்தான். முன்பு பேச்சுக்காலில் விசாரிப்பதற்கு ஊர் இருந்தது. இடப்பெயர்வுக்குப் பிறகு ஊர் நான்கு நாடுகளில் சிதறிக் கிடக்கிறது. வெளிநாட்டு மாப்பிள்ளையை அறிந்துகொள்ள இன்று பலருக்கும் இருப்பது அந்த வட்ஸ்அப் ஜன்னல் மட்டுமே. அதிலும் கதை வராவிட்டால் முடிவைச் சாதகத்தை மட்டும் நம்பித்தான் எடுக்க வேண்டும்.

கிளிநொச்சியில் படிப்பிக்கும் இருபத்தொன்பது வயது ஆசிரியை ஒருவரின் அனுபவத்தை அவருடைய அனுமதியுடன் இங்கே எழுதுகிறேன். மாப்பிள்ளை சுவிஸில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்கிறார். ஆசிரியையின் அண்ணா 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். அம்மாவும் அவரும் மட்டும்தான் வீட்டில்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

"எப்ப பாத்தாலும் ரீல்ஸ்தான் அக்கா" என்றுதான் அவர் தொடங்கினார். அந்த எரிச்சலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நான்கு வாரச் செய்திகளை இருவருமாக இருந்து எண்ணினோம். அவரிடமிருந்து வந்தவை 70. அதில் 52 ரீல்ஸும் மீம்ஸும், 14 காலை வணக்கப் படங்கள். அவராகவே எழுதியது நான்கு வரி.

எண்ணிக்கையை விட முக்கியமானது அந்த 52 உம் என்ன வகை என்பது. வட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியுடன் வருவது குறைந்தது ஐந்து கைகள் மாறி வந்த செய்தி. அது உங்களுக்கென்று தேர்ந்தெடுத்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் நீங்கள் முதல்நாள் சொன்ன விடயத்தோடு தொடர்பான ஒன்று மறுநாள் வந்தால், அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். இந்த ஆசிரியை புலமைப்பரிசில் வகுப்பில் தொண்டை கட்டிவிட்டது என்று எழுதிய மறுநாள், கத்திக் கத்திப் படிப்பிக்கும் டீச்சர் பற்றிய மீம் வந்திருந்தது. அப்படி ஒன்பது இருந்தன. மனம் இருக்கிறது, சொல் வரவில்லை என்பதற்கு அது அடையாளம்.

மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது. நேரடியாக ஒரு கேள்வி கேட்கிறீர்கள். பதிலுக்கு ஒரு சிரிப்பு ரீல் வருகிறது. ஒருமுறை என்றால் தற்செயல். வேலை, முன்னைய திருமணம், விசா பற்றிய கேள்விக்கெல்லாம் அப்படியே வந்தால் அது நழுவல்.

ஏன் இப்படி?

செய்தி சொல்வதற்காக அல்லாமல் உறவைத் தொட்டுக்கொண்டிருப்பதற்காக மட்டும் பேசும் பேச்சைப் பற்றி மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923 இல் எழுதினார். ஒழுங்கையில் எதிர்ப்படுபவரிடம் "எங்க போறியள்?" என்று கேட்பது போல. போகும் இடத்தை அறிவதற்காக நாம் அதைக் கேட்பதில்லை. ரீல்ஸும் பெரும்பாலும் அதுதான்: "நான் இருக்கிறேன், உங்களை நினைத்தேன்." அதில் பிழையில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு மட்டும் ஒருவரைக் கலியாணம் செய்ய முடியாது.

எங்கள் சமூகத்தில் இன்னும் இரண்டு காரணங்களைக் காண்கிறேன். சிறுவயதில் வெளிநாடு போனவர்கள் பலருக்குத் தமிழ் கதைக்க வரும், எழுத வராது. மற்றது, எதைக் கேட்டால் எந்தக் காயத்தில் படும் என்று தெரியாத பயம். இழப்புள்ள வீட்டுப் பிள்ளையிடம் "வீட்டில எத்தனை பேர்?" என்ற சாதாரணக் கேள்வியே கனமானது. அந்த இடத்தில் பகிடி சுலபமான ஒளிவிடமாகிறது.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

ரீலுக்கு ரீல் அனுப்பினால் அதுவே வழக்கமாகிவிடும். நாலைந்து நாள் பேசாமல் இருந்து சோதிப்பதும் பலன் தராது, அவர் இன்னொரு ரீல் அனுப்புவார். நீண்ட குற்றச்சாட்டு எழுதினால் மன்னிப்பு வரும், கதை வராது.

பயன்படுவது, அனுப்பிய ரீலையே பிடித்துக்கொண்டு கேட்கும் ஒரு சிறிய கேள்வி. கொத்து ரொட்டி ரீல் வந்தால் "உங்கட கிச்சினில நீங்கள் என்ன சமைக்கிறனீங்கள்?" என்று கேட்கலாம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்ற அகலமான கேள்விக்கு யாருக்கும் பதில் வராது. பதில் வந்தால் அதிலிருந்தே அடுத்த கேள்வி. இப்படித் தொடர்ந்து கேட்பவரை மற்றவருக்குக் கூடுதலாகப் பிடித்துப்போகிறது என்று 2017 இல் ஹாவார்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வும் சொல்கிறது.

ஒரு வாரம் இப்படி முயன்ற பிறகு, ஒரே ஒரு தடவை நேரே சொல்லுங்கள். எழுத்தில் அல்ல, குரல் பதிவில். ஆசிரியை அனுப்பியது இதுதான்:

"நீங்கள் அனுப்புற பகிடியெல்லாம் பாத்துச் சிரிக்கிறனான். ஆனா ஒரு மாதமாகுது, உங்களைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு அரை மணித்தியாலம் கதைப்பமா?"

இதில் குற்றம் சாட்டல் இல்லை. நாளும் நேரமும் கால அளவும் இருக்கின்றன. இங்கே மாலை ஆறு என்றால் கோடைகாலத்தில் சுவிஸில் பிற்பகல் இரண்டரை.

மறுநாள் அவரும் குரலிலேயே பதில் அனுப்பினார். "எனக்குத் தமிழ் எழுத வராது. பிழையா எழுதினா டீச்சர் சிரிப்பீங்கள் எண்டு நினைச்சன். உங்கட அண்ணாவைப் பற்றித் தரகர் சொன்னவர். என்னெண்டு கேக்கிறதெண்டு தெரியேல்ல." அவர் 2006 இல், பன்னிரண்டு வயதில் போனவர்.

முதல் அழைப்பிலேயே போரைப் பற்றிக் கதைக்க வேண்டியதில்லை. சொல்ல வேண்டியதை உங்கள் நேரத்தில் சொல்லலாம். "அண்ணாவைப் பற்றி நான் பிறகு சொல்லுறன், இப்ப கேக்க வேண்டாம்" என்று ஆசிரியை சொன்னார். அவர் அதை எப்படி ஏற்றுக்கொள்கிறார் என்பதும் அவரைப் பற்றிய ஒரு தகவல்தான்.

மூன்றாவது ஞாயிறு அவர் கேட்க நினைத்திருந்ததைக் கேட்டார். கலியாணத்துக்குப் பிறகு அம்மாவுக்கு மாதாமாதம் காசு அனுப்ப முடியுமா, அண்ணாவைத் தேடும் போராட்டத்துக்கு அம்மா போவதில் அவருடைய வீட்டாருக்கு ஆட்சேபம் உண்டா? முதலாவதுக்கு ஓம் என்றார். இரண்டாவதுக்கு, தாயாரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அந்தப் பதிலுக்காகத்தான் ஆசிரியை இப்போது காத்திருக்கிறார். ஓம் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் இனி அவரிடம் காரணம் இருக்கும்.

எப்போது நிறுத்துவது?

குரலில் நேரே கேட்டும் ரீல் மட்டுமே வந்தால், இன்னொரு நாள் குறித்துக் கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால், "ஒரு மாதத்தில ஒருக்காலும் கதைக்கேல்ல" என்று வீட்டில் எண்ணிக்கையோடு சொல்லுங்கள். "பிடிக்கேல்ல" என்பதை மறுக்கும் பெற்றோரும் கணக்கை எளிதில் தட்டிவிட மாட்டார்கள்.

வீடியோ அழைப்பை ஒவ்வொரு முறையும் தவிர்ப்பவர் விடயத்தில் வெட்கம், வேலைப்பளு என்று நீங்களாகக் காரணம் தேட வேண்டாம். அதே நகரில் இருக்கும் உறவினர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, வேறு குடும்பம் இல்லை என்று விசாரித்துச் சொல்லும்வரை, மண்டபத்துக்கு முற்பணம் கட்ட வேண்டாம். வேலையை விட வேண்டாம். கடவுச்சீட்டுப் பிரதியையும் அனுப்ப வேண்டாம்.