மேடையில் எந்தத் தொகையைச் சொல்வது?

மார்கழியில் ரமண ஜெயந்தியை ஒட்டி, ஆசிரமத்தைச் சுற்றி வெளிநாட்டுக்காரர்கள் நிறையத் தங்கியிருப்பார்கள். அந்தச் சமயத்தில் செங்கம் சாலைப் பள்ளி ஒன்று நிதி திரட்ட விற்பனை நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் கல்லாவை எண்ணினால் 64,500 ரூபாய். ஜிபேயில் வந்தது 41,200. கூட்டினால் 1,05,700. ‘லட்சத்தைத் தாண்டிட்டோம்!’ என்று அறிவிக்கப் பொருளாளருக்கு நாக்கு துறுதுறுக்கும்.

அந்தக் கல்லாவில் காலையில் சில்லறைக்காகப் போட்ட 5,000 ரூபாயும் இருக்கிறது. அதைக் கழித்தால் விற்பனை 1,00,700. அப்போதும் லட்சம்தான். ஆனால் துணிப்பைகளை மகளிர் குழு ‘விற்ற பிறகு காசு கொடுங்கள்’ என்று தந்திருந்தது, அவர்களுக்கு 22,000. பந்தல், நாற்காலி வாடகை 9,500. சுண்டல், பஜ்ஜிச் சாமான் 8,200. இவை போகப் பள்ளிக்கு நிற்பது 61,000. பெற்றோர் நினைவில் லட்சம் பதிந்துவிட்டால், மீதி 39,000 எங்கே என்ற பேச்சு அடுத்த கூட்டத்தில் கட்டாயம் கிளம்பும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சிக்கல் வேறொன்று. 150 ரூபாய் விளக்கை வெளிநாட்டுக்காரர் ஒருவர் 150 கொடுத்து வாங்கினால் அது வியாபாரம். 2,000 கொடுத்து ‘மிச்சம் குழந்தைகளுக்கு’ என்றால், அந்த 1,850 நன்கொடை. ரூபாயாகவே கொடுத்தாலும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் அது வெளிநாட்டுப் பணம்தான். மத்திய உள்துறையின் பதிவோ முன் அனுமதியோ இல்லாத பள்ளி அதைத் தொடக்கூடாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அது ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி மெயின் கிளைக் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஓசிஐ அட்டை வைத்திருக்கும் நம்மூர்க்காரருக்கும் இதே விதி. இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்ப்பவர் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுத்தால் இது பொருந்தாது. ஆகவே விற்பனை மேஜையில் உண்டியல் வைக்காமல் இருப்பதே உத்தமம். யார் போட்டது என்று பிறகு பிரிக்க முடியாது.

இவ்வளவையும் மேடையில் விளக்கினால் கூட்டம் கலைந்துவிடும். பேச்சு இப்படி இருந்தால் போதும்:

“எல்லோருக்கும் வணக்கம். இன்றைய விற்பனை 1,00,700 ரூபாய். பைகளுக்கான பணம், பந்தல், பலகாரச் செலவு எல்லாம் சேர்த்து 39,700. நம் பள்ளிக்கு நிற்பது 61,000 ரூபாய். இரண்டு ஆசிரியர்களும் ஒரு பெற்றோரும் எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கணக்கைத் திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். வாங்கியவர்களுக்கும் மேஜையில் நின்ற பிள்ளைகளுக்கும் நன்றி.”

பந்தல்காரர் மேடைக்குப் பின்னாலேயே காத்திருப்பார். கல்லாவிலிருந்தே எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடத் தோன்றும். அப்படிக் கொடுத்தால் பாஸ்புக்கில் விற்பனைத் தொகை குறைந்துபோகும், தணிக்கையாளர் அங்கேதான் விரலை வைப்பார். ரொக்கம் 59,500-ஐ முழுசாக பேங்கில் கட்டிவிட்டு, அவருக்குச் செக் கொடுக்க வேண்டும்.