ஒரே புத்தகம், இரண்டு விலை

பொறியியல் படித்தவர்கள் பலருக்கு அந்த எச்சரிக்கை வாசகம் நினைவிருக்கும். வெளிநாட்டுப் பாடநூலின் மலிவு விலைப் பதிப்பு, சற்றே மெல்லிய தாள், ‘இந்த நாடுகளில் மட்டுமே விற்பனைக்கு’ என்று அட்டையில் ஒரு வரி. உள்ளே இருப்பதோ அமெரிக்க மாணவர் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் அதே பாடம்தான்.

பதிப்பாளர் இதைத் தர்மத்துக்காகச் செய்வதில்லை. அமெரிக்காவில் பேராசிரியர் சொன்ன புத்தகத்தை மாணவர் எப்படியாவது வாங்கிவிடுவார். அதே விலையை ஆசியாவில் வைத்தால் ஜெராக்ஸ் கடையில்தான் கூட்டம் நிற்கும். அச்சுக்கூலி போக எது மிஞ்சினாலும் லாபம் என்பதால், எந்த ஊர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு விலை. ஆனால் மலிவாக வாங்கியவர் அதை விலை கூடிய ஊருக்குக் கொண்டுபோய் விற்காமல் இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு நிற்கும்.

அதைத்தான் செய்தார் சுபாப் கிர்ட்சாங். 1997-ல் தாய்லாந்திலிருந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் கணிதம் படிக்க வந்தவர். ஊரில் இருந்த உறவினர்களும் நண்பர்களும் அங்கே மலிவாகக் கிடைத்த ஆங்கிலப் பாடநூல்களை வாங்கி அனுப்ப, இவர் அவற்றை ஈபேயில் விற்றார். அவர்களுக்குரிய பணத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டார். இப்படி விலை வேறுபாட்டையே சரக்காக்கும் வணிகத்துக்குப் பொருளியலில் ஆர்பிட்ரேஜ் என்று பெயர். 2008-ல் ஜான் வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. எட்டு நூல்களுக்குத் தலா 75,000 டாலர், மொத்தம் 6 லட்சம் டாலர் தரச் சொன்னது ஜூரி.

ஒரு மாணவரைப் பார்த்து ஏன் இவ்வளவு பயம்? ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் நூறு மாணவர்கள், ஒவ்வொருவரும் 100 டாலர் வரை தரத் தயார். தாய்லாந்திலும் நூறு பேர், ஆனால் 20 டாலருக்கு மேல் தர மாட்டார்கள். அச்சுச் செலவு 5 டாலர். சந்தைகள் தனித்தனியாக இருந்தால் அங்கே 9,500, இங்கே 1,500, ஆக 11,000 டாலர் லாபம்.

இப்போது ஒரு புத்தகத்தைக் கடல் கடத்தி விற்க, அஞ்சல், அலைச்சல், வழக்குப் பயம் எல்லாம் சேர்த்து 15 டாலர்தான் ஆகும் என்று வையுங்கள். தாய்லாந்தில் 20 என்றால் அமெரிக்காவில் 35-க்கு மேல் விலை நிற்காது. லாபம் 4,500 ஆகச் சுருங்கும். அதைவிடத் தாய்லாந்தையே கைகழுவிவிட்டு அமெரிக்காவில் மட்டும் விற்றால் 9,500 கிடைக்கும். வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. கடத்தும் செலவு 70 டாலர் என்றால் கதை வேறு. 20-க்கும் 90-க்கும் விற்று 10,000 பார்க்கலாம், இரு சந்தையும் பிழைக்கும். இந்தக் கணக்கில் எல்லைக்கோடு 65 டாலர். செலவு அதற்குக் கீழே இறங்கினால் தாய்லாந்து மாணவருக்குப் புத்தகமே இல்லை.

விலை இடைவெளி கடத்தும் செலவைத் தாண்ட முடியாது. இடைத்தரகர் விற்பனையாளருக்குப் போடும் கடிவாளம் அதுதான். கவனியுங்கள், விற்பனையாளர் முன்கூட்டியே விலையைச் சரிசெய்துவிட்டால் ஒரு புத்தகம்கூடக் கடல் தாண்டாது. கடத்தல் கண்ணில் படவில்லை என்பதால் கடிவாளம் இல்லை என்று ஆகிவிடாது. அமெரிக்க மாணவருக்கு நன்மை செய்யும் இதே கடிவாளம் ஏழை நாட்டு மாணவரின் மலிவுப் பதிப்பைப் பறித்தும் விடலாம். இந்த இரண்டாவது பக்கத்தைப் பலர் பேசுவதில்லை.

அதனால்தான் பதிப்பாளர்கள் அந்தச் செலவை உயர்த்தப் பார்க்கிறார்கள். வேறு அட்டை, வரிசை மாற்றிய பயிற்சிக் கணக்குகள் எல்லாம் அதற்கான வேலிகள். இருந்ததிலேயே உயரமான வேலி சட்டம். அதை 2013 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சாய்த்தது. பதிப்புரிமையாளரின் அனுமதியோடு முறையாக அச்சான பிரதியை விலை கொடுத்து வாங்கியவர், அது எந்த நாட்டில் அச்சாகியிருந்தாலும், திரும்ப விற்கலாம் என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு. சந்தைகளைப் பிரித்து வெவ்வேறு விலை வைக்கப் பதிப்பாளருக்குப் பதிப்புரிமைச் சட்டம் தனி உரிமை எதையும் தரவில்லை என்று எழுதினார் நீதிபதி ஸ்டீபன் பிரையர். ரூத் பேடர் கின்ஸ்பர்க் மாறுபட்டார்.

வேலி போனதும் பதிப்பாளர்கள் சரக்கையே மாற்றும் பக்கம் சாய்ந்தார்கள். அந்தத் தீர்ப்பு காப்பாற்றியது ‘வாங்கியவரை’. மின்நூல் உரிமமாகத் தரப்படுகிறது, அச்சு நூல் பருவ வாடகைக்கு விடப்படுகிறது. இரண்டிலும் மாணவர் எதையும் வாங்குவதில்லை, ஆகவே விற்கவும் முடியாது. வீட்டுப்பாடத்தை இணையத்தில் செய்ய ஒருமுறை மட்டும் பயன்படும் ரகசிய எண் வேண்டும். பாங்காக்கிலிருந்து வந்த மலிவுப் பிரதி அந்த எண்ணைத் தராது. போன வருடத்து மாணவரிடம் பாதி விலைக்கு வாங்கிய பழைய புத்தகமும் தராது.